குட்டியின் பள்ளிக் காலண்டர்: செப்டம்பர் 14 முதல் அக்டோபர் 7 வரை (2026)

அனைவருக்கும்,

பள்ளியிலிருந்து வந்த மூன்று சுற்றறிக்கைகளையும், குட்டியின் பையின் அடியில் கசங்கிக் கிடந்த நான்காவதையும் சேர்த்துப் படித்து, எல்லாவற்றையும் காலண்டரில் ஏற்றிவிட்டேன். பச்சை நிறம் பள்ளி நிகழ்ச்சி. சிவப்பு, பெரியவர்கள் நேரில் போக வேண்டியது. நீலம், விடுமுறைச் செய்முறை வேலை.

ஒவ்வொரு பதிவிலும் ஒருவர் பெயர் இருக்கும். "நாம் பார்த்துக்கொள்வோம்" என்று எழுதிவைத்த வேலையை இந்த வீட்டில் யாரும் பார்த்துக்கொண்டதில்லை. போன பருவத்து நாடக உடை நினைவிருக்கும். நிகழ்ச்சி காலை 9 மணிக்கு. நினைவூட்டல் மணி அடித்தது 8.30-க்கு. அரை மணி நேரத்தில் ஒரு பிள்ளையை ஆலமரமாக்க யாரால் முடியும்? அதனால் இம்முறை நினைவூட்டல், வேலையைச் செய்ய நேரம் மிச்சமிருக்கும்போதே வரும். நிகழ்ச்சி நேரத்துக்கு வராது. பதிவில் உள்ள நேரத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

நான் வைக்கும் மணி என் போனில் மட்டும்தான் அடிக்கும். அவரவர் போனில் இந்தக் காலண்டரின் அறிவிப்பை அவரவரே இயக்க வேண்டும். பாட்டியின் போனில் நானே செய்துவிட்டேன். தம்பி, நீ எதையாவது மாற்றினால் "இந்த நிகழ்வு மட்டும்" என்பதைத் தேர்ந்தெடு. போன மாதம் நீ ஒரு நூலக நாளை நீக்கப் போய், மொத்த வருடத்தின் நூலக நாள்களும் காணாமல் போயின.

செப்டம்பர் 14, திங்கள், மாலை 6.00. ஓட்டக் காலணி (பாட்டி)
குட்டியை நிற்கவைத்து, கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது பார்த்தால் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். சிறிதாகிவிட்டிருந்தால் இன்றே எனக்குச் சொல்லுங்கள். புதுக் காலணியை நான்கைந்து நாளாவது போட்டுப் பழகிய பிறகுதான் ஓட வேண்டும்.

புதன்தோறும், இரவு 8.00. நூலகப் புத்தகம் பைக்குள் (குட்டி)
அவளே வைக்கட்டும். நாம் எடுத்துவைக்க வேண்டாம்.

செப்டம்பர் 16, புதன், இரவு 8.45. ஆசிரியையிடம் கேட்க வேண்டியவை (அம்மா, அப்பா)
குட்டி தூங்கிய பிறகு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுவோம். தூங்கும் முன் அவளிடமும் ஒரு கேள்வி கேட்டுவைக்கலாம்: "ஆசிரியையிடம் நாங்கள் என்ன சொல்ல வேண்டும்?" போன முறை அவள் சொன்ன பதில்தான் கூட்டத்தில் மிகவும் பயன்பட்டது.

செப்டம்பர் 18, வெள்ளி. பெற்றோர் ஆசிரியர் கூட்டம், மாலை 4.20 முதல் 4.30 வரை (அப்பா)
நினைவூட்டல்: வியாழன் காலை, அலுவலகத்தில் அனுமதி கேட்பதற்கு. வெள்ளி மதியம் 3.15-க்கு மறுபடியும் ஒன்று, கிளம்புவதற்கு.
நமக்குக் கிடைப்பது பத்தே நிமிடம். மதிப்பெண் அட்டையைக் கூட்டத்தில் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். அது வீட்டுக்கு வந்துவிடும். இரண்டே கேள்விகள். முதலாவது: நேர் வகுத்தல் அவளுக்கு வருகிறது, மீதி வந்தால் மட்டும் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறாள். வகுப்பில் எந்த முறையில் சொல்லித்தருகிறார்கள்? நாம் வீட்டில் வேறு முறையில் சொல்லிக் குழப்புகிறோமோ என்று எனக்குச் சந்தேகம். இரண்டாவது: கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிறாளா? வீட்டில் தொலைக்காட்சிக்கு அருகில் போய் நிற்பதைப் பாட்டிதான் முதலில் கவனித்தார்கள். ஆமாம் என்றால், விடுமுறை வரை முன்வரிசையில் இடம் தரும்படி கேளுங்கள்.
ஆசிரியை சொன்னதை அன்றிரவே இந்தப் பதிவின் குறிப்பில் எழுதிவிடுங்கள். "எல்லாம் நன்றாகத்தான் சொன்னார்" என்பது குறிப்பாகாது.

செப்டம்பர் 23, புதன். விளையாட்டு விழா, காலை 8.30 (அம்மா, மாமா)
நினைவூட்டல்: செவ்வாய் மாலை 7.00. தண்ணீர்ப் புட்டி, தொப்பி, மாற்றுச் சட்டை. தொடர் ஓட்டத்தில் அவளுக்கு மூன்றாவது ஓட்டம். தம்பி, போன முறைபோல அவள் ஓடும்போது கூடவே ஓடாதே. படம் எடுத்தால் போதும்.

செப்டம்பர் 25, வெள்ளி. பருவத்தின் கடைசி நாள் (பாட்டி)
இன்று பை வழக்கத்தைவிடக் கனமாக இருக்கும். வந்தவுடன் காலிசெய்து, செய்முறை வேலைத் தாள்களைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள்.

செப்டம்பர் 26 முதல் அக்டோபர் 5 வரை. நிலா நாட்குறிப்பு (நேரத்தைக் கவனியுங்கள்)
பத்து நாள் தொடர்ந்து நிலாவைப் பார்த்து வரைய வேண்டும். "ஒவ்வோர் இரவும்" என்று தாளில் போட்டிருக்கிறார்கள். அதை அப்படியே நம்பி இரவு 7.30-க்கு மணி வைத்திருந்தால், நான்காம் நாளிலிருந்து வெறும் வானத்தைத்தான் வரைந்திருப்போம். செப்டம்பர் 26 பௌர்ணமி. அன்று சூரியன் மறையும் வேளையிலேயே நிலா எழும். அதற்குப் பிறகு நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தாமதமாகிக்கொண்டே போகும். குட்டி படுக்கப்போவது 8.30-க்கு. எனவே பதிவை இரண்டாகப் பிரித்திருக்கிறேன்:
26, 27, 28: இரவு 8.00, கிழக்குப் பக்கம் (மாமா).
29 முதல் அக்டோபர் 5 வரை: காலை 6.00 (அப்பா). முதலில் மேற்கே பாருங்கள். நாள் போகப்போக அந்த நேரத்துக்கு நிலா மேலேறிக்கொண்டே வரும். அக்டோபர் 3 வாக்கில் பாதியாகத் தேய்ந்து, ஏறக்குறைய தலைக்கு மேல் இருக்கும்.
மேகம் மூடினால் கட்டத்தில் "மேகம்" என்று எழுதட்டும். இணையத்தைப் பார்த்து நிரப்ப வேண்டாம். பென்சிலை அவள் மட்டுமே பிடிக்க வேண்டும். தம்பி, இது உனக்குத்தான்.

அக்டோபர் 1, வியாழன், காலை 10.30. கண் பரிசோதனை (அம்மா)
ஆசிரியை என்ன சொன்னாலும் இதை நீக்க வேண்டாம்.

அக்டோபர் 2, வெள்ளி, மாலை 4.00. குடும்ப மரம் (பாட்டி)
மூன்று தலைமுறைப் பெயர்கள் வேண்டும். குட்டி கேள்வி கேட்பாள், நீங்கள் பதில் சொன்னால் போதும். ஒரு பெயருக்கு ஒரு கதை என்று வைத்துக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் திங்கள் வரை முடியாது. பழைய படங்களின் நகலைத்தான் ஒட்ட வேண்டும். அசல் படங்கள் அலமாரியிலேயே இருக்கட்டும்.

அக்டோபர் 4, ஞாயிறு, மாலை 5.00. பையும் சீருடையும் (அப்பா)
சீருடையைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்பது நாள் விடுமுறையில் வளர்ந்துவிட மாட்டாள், பொத்தான் மட்டும் கழன்றிருக்கும்.

அக்டோபர் 6, செவ்வாய், மாலை 6.30. நாளை ஒப்படைக்க வேண்டியவை (அம்மா)
நிலா நாட்குறிப்பு, குடும்ப மரம், இரண்டிலும் பெயரும் வகுப்பும். பத்தாவது கட்டம் காலியாக இருந்தால் அப்படியே போகட்டும். காரணத்தை அவளே ஆசிரியையிடம் சொல்வாள். குடும்ப மரத்தைச் சுருட்டிக் குழாய்க்குள் வைத்திருக்கிறேன், கதவின் பின்னால். புதன் காலை பள்ளிக்கு அழைத்துப்போவது மாமா. தம்பி, குழாயை மறந்துவிடாதே.