பத்து ஆண்டுகளை நிறைவு செய்கிறது எங்கள் செக்கு

காங்கேயத்தில் ஒரே ஒரு வாகை மரச்செக்குடன் தொடங்கிய எங்கள் எண்ணெய் ஆலை இன்று பத்து ஆண்டுகளை நிறைவு செய்கிறது. விலை சற்றுக் கூடுதல் என்று தெரிந்தும், வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டுவந்து எண்ணெய் வாங்கிச் சென்று, அதன் மணத்தைச் சொல்லியே உறவினர்களையும் எங்களிடம் அனுப்பிவைத்த வாடிக்கையாளர்களே இந்த ஆலையை வளர்த்தவர்கள்; உங்கள் அனைவருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

எள் ஆட்டும்போது கருப்பட்டியை எப்போது, எவ்வளவு சேர்க்க வேண்டும், பிழிந்த எண்ணெயை எதுவரை வெயிலில் தெளியவிட வேண்டும் என்பதையெல்லாம் கைப்பழக்கத்தால் அறிந்த எங்கள் தொழிலாளர்களுக்கும், களத்தில் தேங்காய்ப் பருப்பை உலர்த்தி, பூஞ்சை பிடித்ததை ஒன்றுவிடாமல் பொறுக்கி நீக்கும் பெண்களுக்கும் நாங்கள் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம். எண்ணெயின் தரம் பாதிக்கு மேல் அந்தக் களத்திலேயே முடிவாகிவிடுகிறது என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஆலையின் பின்புறம் எழுந்துவரும் புதிய கொட்டகையைப் பற்றிப் பலரும் ஆவலுடன் கேட்டு வருகிறீர்கள். அங்கே எதை ஆட்டப் போகிறோம் என்பதைத் தை மாதம் பிறந்ததும் அறிவிப்போம். இப்போதைக்கு, அது நிலக்கடலையும் இல்லை, ஆமணக்கும் இல்லை என்று மட்டும் தெரிவித்துக்கொள்கிறோம்.