வேப்பமேட்டுப்பாளையம் ஊராட்சி மன்றக் கூட்டம்: நடவடிக்கைக் குறிப்பு (வரைவு)

பெருந்துறை ஊராட்சி ஒன்றியம், ஈரோடு மாவட்டம்

நாள்: 12.05.2023, வெள்ளிக்கிழமை. நேரம்: காலை 11.00 மணி
இடம்: ஊராட்சி மன்ற அலுவலகம்
தலைமை: ஊராட்சி மன்றத் தலைவர்

துணைத் தலைவர் உட்பட 8 உறுப்பினர்கள் வருகை தந்து வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டனர். 7ஆவது வார்டு உறுப்பினர் வரவில்லை. முன்கூட்டியே கடிதம் கொடுத்துள்ளார். குறைவெண் நிறைவு இருந்ததால் கூட்டம் தொடங்கியது. முந்தைய கூட்ட நடவடிக்கைகள் வாசிக்கப்பட்டு உறுதி செய்யப்பட்டன.

பொருள் 1: ஏப்ரல் மாத வரவு செலவு அறிக்கை மன்றத்தின் பார்வைக்கு வைக்கப்படுகிறது.
தீர்மானம் எண் 1: மன்றம் அங்கீகரிக்கிறது. ஏகமனதாக நிறைவேறியது.

பொருள் 2: மேட்டுத்தெரு ஆழ்துளைக் கிணற்றின் 7.5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டாரில் காயில் எரிந்ததால், கோடைக்காலக் குடிநீர்த் தேவை கருதி உடனே குழாய்களைத் தூக்கி, ரீவைண்டிங் செய்து இறக்கப்பட்டது. செலவு ரூ.18,400.
தீர்மானம் எண் 2: மேற்படி ரூ.18,400-ஐ ஊராட்சி பொது நிதியிலிருந்து வழங்க மன்றம் பின்னேற்பு அளிக்கிறது. ஏகமனதாக நிறைவேறியது.

பொருள் 3: மேட்டுத்தெருவுக்குக் குடிநீர் சரிவரக் கிடைக்கவில்லை என்று மே 1 கிராம சபையில் வந்த கோரிக்கை.

இந்தப் பொருளில்தான் விவாதம் நீண்டது. சாரம் மட்டும் பதிவாகிறது. மோட்டார் ஓடியும் கடைசி வீடுகளுக்கு நாலு குடம்கூட நிறையவில்லை என்றும், கீழ்த்தெருவில் சிலர் வீட்டு இணைப்பில் மோட்டார் வைத்து உறிஞ்சுவதே காரணம் என்றும் 5ஆவது வார்டு உறுப்பினர் கூறினார். "கீழயே இழுத்துட்டா மேட்டுக்கு எப்படிங்க ஏறும்?" என்று கேட்டு, இணைப்பை அன்றைக்கே துண்டிக்க வேண்டும் என்றார். 3ஆவது வார்டு உறுப்பினர் அதை ஆட்சேபித்தார். தறிக்குப் போகிறவர்கள் காலை 6 மணிக்கே கிளம்பிவிடுவதால், இப்போதைய 6.30 மணி விநியோகத்தில் பிடிக்க ஆளில்லை. நேரத்தை மாற்றாமல் துண்டிப்பது சரியல்ல என்றார். இரண்டையும் சேர்த்துக் கீழ்க்கண்டவாறு தலைவர் முன்வைத்தார்.

தீர்மானம் எண் 3: (அ) 15.05.2023 முதல் மேட்டுத்தெருவுக்கு அதிகாலை 4.45 முதல் 5.45 வரையிலும், கீழ்த்தெருவுக்கு அதன்பிறகும் தனித்தனியே கேட் வால்வு திறந்து குடிநீர் வழங்கவும், (ஆ) வீட்டு இணைப்பில் மோட்டார் பொருத்தியவர்களுக்கு 7 நாள் அவகாசத்துடன் எழுத்துமூலம் அறிவிப்பு கொடுக்கவும், (இ) அதன்பின்னும் அகற்றாவிடில் இணைப்பைத் துண்டிக்கவும் மன்றம் தீர்மானிக்கிறது.
முன்மொழிந்தவர்: துணைத் தலைவர். வழிமொழிந்தவர்: 3ஆவது வார்டு உறுப்பினர்.
ஆதரவு 7, எதிர்ப்பு 2 (5, 8ஆவது வார்டு உறுப்பினர்கள்). பெரும்பான்மையில் நிறைவேறியது. அவகாசமே தேவையில்லை என்ற தம் ஆட்சேபணையைப் பதிவு செய்யுமாறு 5ஆவது வார்டு உறுப்பினர் கோரியபடி பதிவு செய்யப்படுகிறது.

பொருள் 4: மஞ்சள் காயவைக்க உலர்களம் கோரி விவசாயிகள் மனு.
தீர்மானம் எண் 4: இடத்தைப் பார்வையிட்டு மதிப்பீடு தயாரிக்க வட்டார வளர்ச்சி அலுவலரைக் கேட்டுக்கொள்ள மன்றம் தீர்மானிக்கிறது. ஏகமனதாக நிறைவேறியது.

தெருநாய்கள் குறித்து 8ஆவது வார்டு உறுப்பினர் பேசினார். கூட்டப்பொருளில் இல்லாததால் தீர்மானம் ஏதுமில்லை. அடுத்த கூட்டத்தில் பொருளாக வைக்கத் தலைவர் அறிவுறுத்தினார்.

பிற்பகல் 1.10 மணிக்குக் கூட்டம் முடிவுற்றது.

(ஒப்பம்) ஊராட்சி செயலர்
(ஒப்பம்) ஊராட்சி மன்றத் தலைவர்