மோல்மேன் அண்ணிக்கு

அன்புள்ள அண்ணிக்கு,

வைபரில் நாலு வரி தட்டி அனுப்பியிருக்கலாம். நீங்களும் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டு முடித்திருப்பீர்கள். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

நேற்று ஆங் மிங்கலா பஸ் நிலையத்தில் பார்சலை வாங்கிவிட்டேன். சொல்லாமல் கொள்ளாமல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வண்டி கிளம்பிய பிறகுதானே போன் செய்தீர்கள்! பம்பளிமாஸ் ஒன்றும் நசுங்கவில்லை. பலாச்சாங் டப்பாவைத் திறந்ததும் பொரித்த பூண்டு வாசம் மாடிப்படி வரைக்கும் போனது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன டப்பா, மிளகாய் சேர்க்காமல், சின்னவனுக்கென்று தனியாக. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனசில் கோபத்தை வைத்திருப்பவர்களுக்கு, அந்த வீட்டில் காரம் தின்னாத பிள்ளை ஒன்று இருப்பது ஞாபகத்துக்கு வராது அண்ணி.

நடந்ததைப் பற்றி இதில் எதுவும் எழுதப் போவதில்லை. யார் சொன்னது சரி என்று மறுபடி கிளறுவது, நீங்கள் பொறுத்துப் போனதற்கு நான் செய்யும் மரியாதை ஆகாது. என் பேச்சு உங்களுக்கு வலித்தது. இருந்தும் என்னை விட்டுவிடவில்லை. அதற்கு மனசார நன்றி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்னைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லவில்லை என்று அண்ணனே சொன்னார். அம்மா காதுக்கும் போகவில்லை. கோயிலில் ரெண்டு பேரிடம் வாயைத் திறந்திருந்தாலே போதும், மறுநாள் தட்டோன் வரைக்கும் தெரிந்திருக்கும். நம் ஆட்களைச் சொல்ல வேண்டுமா! வீட்டு விஷயத்தை வீட்டோடு வைத்தீர்களே, அதில்தான் என் மானம் தப்பியது.

போனை எடுத்ததும் "அவனுக்கு இருமல் விட்டுச்சா?" என்று கேட்டீர்கள். என்ன பேசுவது, எப்படித் தொடங்குவது என்று ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்ததெல்லாம் வீணாய்ப் போயிற்று. நல்லவேளை.

தடின்ஜுட் லீவுக்குப் பிள்ளைகளோடு வருகிறேன். பர்மாக்காரப் பிள்ளைகள் பழமும் மெழுகுவத்தியும் கொண்டுபோய், பெரியவர்கள் முன்னால் மண்டியிட்டு, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுக்கச் சொல்லிக் கும்பிடுவார்களே, இந்த வருஷம் நானும் உங்களுக்கு அப்படிச் செய்யப் போகிறேன். "சீச்சீ, எழுந்திரு" என்று காலை இழுத்துக்கொள்ளக் கூடாது. சிரிக்கவும் கூடாது. அப்புறம் ரெண்டு பேரும் உட்கார்ந்து சாவகாசமாகப் பேசலாம், பழைய கதை எதுவும் வேண்டாம். அண்ணனுக்கு அடுப்படி வேலை கொடுத்துவிடுவோம்.

ரங்கூனிலிருந்து என்ன வாங்கி வரட்டும்? ஒன்றும் வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். லுங்கி என்றால் நிறத்தையும் சொல்லிவிடுங்கள், போன தடவை நான் எடுத்த பச்சை உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

உங்கள் சின்ன நாத்தனார்