கண்டல் காட்டின் பெறுமதி: புயல் பாதுகாப்பும் மீன்பிடி இழப்பும் பற்றிய கொள்கைக் குறிப்பு

பெறுநர்: கௌரவ தவிசாளர் மற்றும் உறுப்பினர்கள், பிரதேச சபை
அனுப்புநர்: வாவி மீனவர் சங்கத்தின் சூழல் உபகுழு
விடயம்: மட்டக்களப்பு வாவிக்கரையில் 20 ஏக்கர் கண்டல் நிலத்தை இறால் பண்ணைக்கு விடுவதற்குச் சபையின் ஆட்சேபனையின்மைக் கடிதம் கோரப்பட்டமை

எமது நிலைப்பாடு

கோரப்பட்ட 20 ஏக்கரும், அதாவது ஏறத்தாழ 8 ஹெக்டெயரும், குடியிருப்புக்கும் வாவிக்கும் இடையில் 800 மீற்றர் நீளத்துக்கு நிற்கும் கண்டல் பட்டி என்பதால், அந்த இடத்துக்குச் சபை ஆட்சேபனையின்மைக் கடிதம் வழங்கக் கூடாது என்பதும், பண்ணை அவசியமானால் அதற்கு மரமற்ற உவர் நிலத்தை மாற்றாகக் காட்டலாம் என்பதும் எமது பரிந்துரை. வெட்டினால் வரும் வருமானம் விண்ணப்பத்தில் தொகையாக எழுதப்பட்டுள்ளது. நிற்கும் காடு தரும் வருமானம் எங்கும் எழுதப்படவில்லை. எழுதப்படாத அந்தத் தொகையைக் கணக்கிட்டுச் சபையின் முன் வைப்பதற்காகவே இக்குறிப்பு தயாரிக்கப்பட்டது.

புயலின்போது இந்தக் காடு எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது

1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் நாட்டில் 900க்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தென்னந்தோட்டங்கள் அடியோடு சாய்ந்தன. அதைக் கண்ட முதியோர் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள். கண்டலைப் பற்றிப் பேசும்போது சிலர் அது எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்கிறார்கள், வேறு சிலர் அதனால் ஒன்றும் ஆகாது என்கிறார்கள். இரண்டுமே பிழை.

பல நாடுகளில் எடுக்கப்பட்ட அளவீடுகளின்படி, 100 மீற்றர் அகலக் கண்டல் பட்டி காற்றலையின் உயரத்தை 13 முதல் 66 வீதம் வரை குறைக்கிறது. அலையின் வேகத்தை உறிஞ்சிக்கொள்வது முண்டு வேரும் தாழ்ந்த கிளையும் என்பதால், வேர் நெருக்கமாக உள்ள இடத்தில் பயன் கூடும், மரம் வெட்டப்பட்டுக் கலைந்த இடத்தில் குறையும். புயல் எழுப்பும் கடல்மட்ட உயர்வின் கதை வேறு: ஒரு கிலோமீற்றர் அகலக் காட்டுக்குத்தான் 5 முதல் 50 சென்ரிமீற்றர் வரை நீர்மட்டம் தாழ்கிறது. எமது பட்டியின் அகலம் 80 மீற்றர் முதல் 120 மீற்றர் வரை மட்டுமே. ஆகவே அது வாவி அலையைப் பாதியளவுக்குக்கூடத் தணிக்கலாம், ஆனால் முகத்துவாரம் வழியாக உட்புகும் வெள்ளத்தை ஆறு சென்ரிமீற்றருக்கு மேல் தாழ்த்தாது. கடற்பக்கத்தில் இருந்து வரும் அலைக்கு வாவிப்பக்கக் காடு கேடயமாகவும் இராது. ஒடிசாவில் 1999 ஆம் ஆண்டுப் பெருஞ்சூறாவளி பற்றிய ஆய்விலும், கடலுக்கும் ஊருக்கும் இடையில் அகன்ற கண்டல் நின்ற கிராமங்களில் உயிரிழப்பு குறைந்திருந்தது. ஆயினும் முன்னெச்சரிக்கையும் வெளியேற்றமும் காப்பாற்றிய உயிர்கள் அதைவிட அதிகம் என்பதையும் அதே ஆய்வு காட்டியது. எனவே இக்காட்டைக் காட்டி வெளியேற்றத் திட்டத்தை எவரும் தளர்த்தக் கூடாது.

மாரியில் வடகீழ்க் காற்று அடிக்கும் நாட்களில் தோணிகள் இந்த வேர்களுக்கிடையேதான் கட்டப்படுகின்றன. கரை அரிப்பும் இங்கே குறைவு. மரம் வெட்டப்பட்ட வடக்கு மூலையில் கரை உள்வாங்கி, பழைய வேலிக் கட்டைகள் இப்போது தண்ணீருக்குள் நிற்பதைச் சபை உறுப்பினர்கள் நேரில் பார்க்கலாம்.

இதைப் பணமாக்க நாம் பயன்படுத்தும் முறை, தவிர்க்கப்படும் சேதத்தின் எதிர்பார்ப்பு. சுவர் கட்ட எவ்வளவு செலவாகும் என்று கேட்டு அதையே காட்டின் பெறுமதி என்று எழுதுவது எளிது. ஆனால் அவ்வளவு செலவில் எவரும் சுவர் கட்டப் போவதில்லை என்பதால் அந்த முறை பெறுமதியை மிகைப்படுத்தும். தாய்லாந்து ஆய்வுகளிலும் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. ஆதலால் நாம் குறைவான முறையையே எடுத்துக்கொண்டோம். பட்டிக்குப் பின்னால் நேரடியாக உள்ள வீடுகள் 45. பெரும்புயல் 25 ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்றும், காடு இல்லாவிட்டால் ஒரு வீட்டுக்கான சேதம் சராசரியாக 4 இலட்சம் ரூபாயால் கூடும் என்றும் எடுத்துக்கொண்டால், ஒரு புயலில் 180 இலட்சம், ஆண்டுக்கு 7 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாய். இவ்விரண்டும் எமது எடுகோள்கள். கிராம உத்தியோகத்தரிடமுள்ள சேத மதிப்பீட்டுப் படிவங்களைக் கொண்டு சபை அவற்றைத் திருத்தலாம்.

மீன்பிடி இழப்பு

வற்றுநீரில் கண்டல் வேர்களுக்கிடையே அத்தாங்கு போடும் பெண்களுக்குத் தெரிந்த விடயம் இது: இறால் குஞ்சும், நண்டுக் குஞ்சும், திரளி, ஓரா, கொடுவா ஆகியவற்றின் சிறுமீன்களும் வேர்ப்பகுதியில்தான் ஒதுங்குகின்றன. உதிர்ந்த இலை அழுகி உணவாகிறது. பெரிய மீன் நுழைய முடியாத நெருக்கம் அவற்றுக்குப் பாதுகாப்பாகிறது. ஓரளவு வளர்ந்த பின்னர் இறால் முகத்துவாரம் வழியே கடலுக்குச் செல்வதால், வாவியில் வலை போடாத கடற்றொழிலாளரின் வருமானத்திலும் இக்காட்டுக்குப் பங்கு உண்டு.

இலங்கையின் தென்கரையில் ரெக்கவ களப்பைப் பற்றி 2005 இல் வெளியான மதிப்பீட்டில், ஒரு ஹெக்டெயர் கண்டல் ஆண்டுக்குக் களப்பு மீன்பிடிக்கு 268 அமெரிக்க டொலர், கரையோரக் கடல் மீன்பிடிக்கு 493 டொலர், அரிப்பு மற்றும் புயல் தடுப்புக்கு 300 டொலர், விறகு முதலியவற்றுக்கு 24 டொலர் என வந்தது. கடல் மீன்பிடிக்கான பங்கு களப்புக்கானதைவிடப் பெரியது என்பதும், விறகின் பங்கு மிகச் சிறியது என்பதும் எமது கவனத்துக்குரியவை. ரெக்கவ சிறிய களப்பு. மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளமானது. ஆகவே அந்தத் தொகையை அப்படியே எடுத்து எட்டால் பெருக்கி எமது பெறுமதி என்று கூற நாம் விரும்பவில்லை.

மாறாக, ஊருக்குள்ளேயே கணக்கிட்டோம். வாவியில் தொழில் செய்யும் அங்கத்தவர் 60 பேர். செலவு போக நாளொன்றுக்கு 2,500 ரூபாய், ஆண்டில் 200 தொழில் நாட்கள் என்று வைத்தால், மொத்தம் 3 கோடி ரூபாய். ஊரை ஒட்டிய கண்டலில் ஐந்தில் ஒரு பங்கு அழிவதால் பிடிபாடு 5 வீதம் மட்டுமே குறையும் என்று மிகவும் அடக்கமாக எடுத்தாலும், ஆண்டு இழப்பு 15 இலட்சம். அத்தாங்குப் பெண்களின் பிடிபாடு சங்கக் கணக்கில் பதியப்படாததால் இதில் சேரவில்லை. கடற்றொழிலாளரின் பங்கும் சேரவில்லை. இரண்டும் சேர்ந்தால் தொகை கூடுமே அன்றிக் குறையாது.

பண்ணையின் பக்கம்

விண்ணப்பதாரர் நான்கு நிரந்தர வேலைகளை, மாதம் 40,000 ரூபாய்ச் சம்பளத்தில், உறுதியளித்துள்ளார். ஆண்டுக்கு இது 19 இலட்சத்து 20 ஆயிரம். அரச காணியின் குத்தகை சபைக்குச் சேராது. சபைக்குக் கிடைப்பது உரிமக் கட்டணம் மட்டுமே. காட்டின் பக்கம் எமது கணக்கில் 22 இலட்சத்து 20 ஆயிரம் உள்ளது. வித்தியாசம் பெரிதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறோம். வேலையற்ற நான்கு இளைஞர்களுக்கு மாதச் சம்பளம் என்பது உண்மையான நன்மை. ஆனால் அந்த வேலைக்குப் போவோர் இப்போது வாவித் தொழில் செய்பவர்களாக இருந்தால், அவர்களின் இன்றைய ஆண்டு வருமானமாகிய 5 இலட்சத்துக்குப் பதிலாக 4 இலட்சத்து 80 ஆயிரம் கிடைக்கும். நன்மை என்று எஞ்சுவது ஒன்றுமில்லை.

தீர்ப்பு காலத்தைப் பொறுத்தே அமைகிறது. புத்தளம், சிலாபம் பகுதிகளில் வெண்புள்ளி நோய் பரவிய பின்னர் பல பண்ணைகள் கைவிடப்பட்டன. உவர்ப்பேறிய குளங்கள் எஞ்சின. தாய்லாந்தில், 1996 விலையில், மானியங்களை நீக்கிப் பார்த்தபோது ஒரு ஹெக்டெயர் இறால் பண்ணையின் நிகரப் பெறுமதி சுமார் 1,220 டொலராக இருக்க, கைவிடப்பட்ட குளத்தை மீண்டும் கண்டலாக்கும் செலவு சுமார் 9,300 டொலராக இருந்தது. பண்ணை பத்து ஆண்டில் மூடப்பட்டால் சம்பளம் நின்றுவிடும். புயல் ஆபத்தும் பிடிபாட்டு இழப்பும் நிற்காது. அத்துடன் சம்பளம் நான்கு வீடுகளுக்குப் போகிறது, இழப்போ 45 வீடுகளுக்கும் 60 தொழிலாளருக்கும் பகிரப்படுகிறது. அவர்களில் எவருக்கும் நட்டஈடு விண்ணப்பத்தில் குறிப்பிடப்படவில்லை.

"வேறிடத்தில் நட்டுத் தருவோம்" என்ற வாக்குறுதி

இதைச் சபை பெறுமதியாக ஏற்கக் கூடாது. இலங்கையில் 23 கண்டல் நடுகைத் தளங்களை ஆராய்ந்து 2017 இல் வெளியான ஆய்வு, நட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டெயரில் 200 முதல் 220 ஹெக்டெயர் மட்டுமே தப்பியதையும், ஒன்பது தளங்களில் ஒரு கன்றுகூட எஞ்சாததையும் கண்டது. நீர்மட்டம் பொருந்தாத இடத்தில் நடுவது, ஒரே இனத்தை நடுவது, மாடு மிதிப்பது ஆகியவை காரணங்களில் அடங்கும். எமது கரையிலோ கண்டலும் கண்ணாவும் தில்லையும் தத்தம் நீர்மட்டத்துக்கு ஏற்ப வரிசையாக நிற்கின்றன; அந்த வரிசையைக் கூலியாள் நட்டு உருவாக்க முடியாது. மாரி முடிந்து மாடுகள் தரவையிலிருந்து கரைக்கு இறங்கும் வழியிலேயே கன்றுகள் தின்னப்படுகின்றன.

சட்டமும் சபையின் பொறுப்பும்

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், ஒரு ஹெக்டெயருக்கு மேற்பட்ட காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதும், நான்கு ஹெக்டெயருக்கு மேற்பட்ட நீருயிரின வளர்ப்புத் திட்டமும் சுற்றாடல் மதிப்பீட்டுக்கு உட்பட வேண்டியவை. 8 ஹெக்டெயர் இரண்டு எல்லைகளையும் தாண்டுகிறது. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் பொருந்தும் எல்லையில் நிலம் அமையுமானால் அதற்குரிய திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். இவை எதுவும் முடியுமுன் சபையின் கடிதம் விண்ணப்பக் கோவையில் ஏறினால், பின்னர் வரும் அதிகாரிகள் ஊரின் சம்மதம் ஏற்கெனவே கிடைத்துவிட்டதாகக் கருதக்கூடும். இதுவே எமது பெரிய கவலை.

சபையிடம் கோருபவை

கடிதத்தை நிராகரிக்கும் தீர்மானத்தில் மேற்கண்ட கணக்கைக் காரணமாகப் பதிவு செய்யுமாறு கேட்கிறோம். வாவிக்கரையிலிருந்து முதல் நூறு மீற்றரில் எந்தக் கண்டலையும் அகற்றச் சபை சம்மதிக்காது என்று பொதுவாகத் தீர்மானிப்பது நல்லது. அலையைத் தணிப்பதில் அந்தப் பகுதியின் பங்கே பெரிது. பண்ணைக்கு மாற்றிடம் தேடும்போது மேய்ச்சல் தரவையை எடுக்காமல், கைவிடப்பட்ட உவர் வயல்களைப் பிரதேச செயலகத்துடன் சேர்ந்து அடையாளம் காணலாம். கழிவுநீர் வாவியில் நேரடியாக விடப்படாது என்பதும் அங்கே நிபந்தனையாக வேண்டும். பிடிபாட்டுப் பதிவேட்டில் அத்தாங்குப் பெண்களின் பிடிபாட்டையும் சேர்த்து, சங்கம் ஒவ்வொரு மாதமும் நகலொன்றைச் சபைக்குத் தரும். வட்டார உறுப்பினர் குறித்துத் தரும் நாளில், வற்றுநீர் நேரத்தில், வடக்கு மூலையிலிருந்து முழுப் பட்டியையும் தோணியில் காட்ட எமது அங்கத்தவர்கள் ஆயத்தமாக உள்ளார்கள்.