தம்பிக்கு: 350 ரூபாய்க்குள் ஒரு வாரச் சாப்பாடு

தம்பி, போன தடவை நீ வந்தபோது சட்டை தோளில் தொங்கியதைப் பார்த்து அம்மா இரண்டு நாள் புலம்பினாள். அதனால்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உன் எடை 58 கிலோ. கிலோவுக்கு 0.83 கிராம் என்ற ஐ.சி.எம்.ஆர். கணக்குப்படி ஒரு நாளைக்கு 48 கிராம் புரதம் வேண்டும். மெஸ் இட்லி, சோறு, சாம்பாரில் 25 கிராம் தேறினால் அதிகம். மீதிக்குத்தான் இது.

வாங்க வேண்டியது
முட்டை 14: 98 ரூபாய்
தயிர், அரைக் கிலோ பாக்கெட் 3: 120
சாளை அரைக் கிலோ: 90
நெத்திலிக் கருவாடு 50 கிராம்: 20
மொத்தம் 328.

தினமும்: காலை இட்லியோடு இரண்டு அவித்த முட்டை, 12 கிராம். மதியம் ஒரு டம்ளர் கெட்டித் தயிர், 6 கிராம். மெஸ் மோரை இந்தக் கணக்கில் சேர்க்காதே, அது முக்கால்வாசி தண்ணீர்.

ஞாயிறு: காலை எட்டு மணிக்குள் மார்க்கெட் போ. சாளையின் கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருக்கணும், வயிறு அழுத்தினால் குழியக் கூடாது. அங்கேயே வெட்டி வாங்கிக்கொள். ஹாஸ்டலில் ஃப்ரிட்ஜ் இல்லை, அதனால் வந்ததும் கல் உப்பு போட்டு உரசிக் கழுவி, புளி தூக்கலாகக் குழம்பு வைத்துவிடு. மதியம் நாலைந்து மீன், அதுவே 20 கிராம். முள் மெல்லியது, நன்றாக வெந்திருந்தால் மென்று தின்றுவிடலாம், சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். ராத்திரி குழம்பைக் கொதிக்க வைத்து மூடு.

திங்கள்: காலையில் மறுபடி கொதிக்க வைத்து, மிச்ச மீனை மதியத்துக்குள் முடித்துவிடு.

செவ்வாய், வியாழன்: மீன் இல்லை. முட்டையை ராத்திரிக்குத் தள்ளி, சின்ன வெங்காயம் போட்டுப் பொடிமாஸ் செய். சாயங்காலம் பத்து ரூபாய்க்குச் சுண்டல் கிடைத்தால் வாங்கிக்கொள்.

புதன், வெள்ளி: ஒரு கைப்பிடி நெத்திலிக் கருவாடு. தலையைக் கிள்ளிவிட்டு, வெந்நீரில் பத்து நிமிஷம் ஊற வைத்து, மணல் போக இரண்டு தரம் அலசு. பூண்டு, மிளகாய்த்தூளோடு வதக்கினால் தயிர்ச் சோற்றுக்கு அத்தனை பொருத்தம். உப்பு தனியாகப் போடாதே.

சனி: முட்டையும் தயிரும் போதும்.

தயிரை மொத்தமாக வாங்காதே. ஞாயிறு, செவ்வாய், வியாழன் என்று ஒவ்வொன்றாக வாங்கி, கிண்ணத்தில் ஊற்றித் தண்ணீர்த் தட்டில் வை. கடைசிப் பாக்கெட் சனிக்கிழமை புளித்திருக்கும், அப்புறம் அதை மோர்க்குழம்பாக்கிவிடு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தூத்துக்குடியில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, மீன் விலை ஏறிவிடும். அந்த இரண்டு மாதமும் சாளைக்குப் பதில் வாரத்துக்கு ஆறு முட்டை கூட வாங்கு. பச்சை முட்டை மட்டும் வேண்டாம்டா, பக்கத்து அறைப் பையன் எவ்வளவு சொன்னாலும்.

இந்த ஞாயிறு குழம்பு கொதிக்கும்போதே எனக்குப் போன் பண்ணு. புளி எவ்வளவு கரைத்தாய் என்று கேட்கணும்.

அக்கா