மருத்துவ நரம்பு உளவியல் முதுநிலைப் படிப்பு: விண்ணப்பதாரரின் தன்விளக்கம்

2021 ஆவணியில் எங்கள் ஆச்சிக்குப் பக்கவாதம் வந்தது. அப்போது நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாரத்தில் ஆச்சி நன்றாகப் பேசினார், கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சாப்பாட்டு நேரத்தில்தான் சிக்கல். இலையின் வலது பாதியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "உப்பும் வைக்கல, ஊறுகாயும் வைக்கல" என்று கோபப்படுவார். இரண்டும் இடது ஓரத்தில் அப்படியே இருக்கும். கண் டாக்டரிடம் கூட்டிப்போனோம், பார்வையில் குறையில்லை என்றார். வயசாகிவிட்டது, பிடிவாதம் என்று வீட்டில் முடிவுகட்டினார்கள். ஒருநாள் அம்மா பொறுமையிழந்து இலையை அரைவட்டம் திருப்பி வைத்தார். ஆச்சி ஒன்றும் சொல்லாமல் மிச்சச் சோற்றையும் சாப்பிட்டு முடித்தார்.

விலங்கியல் இளநிலை இரண்டாம் ஆண்டில்தான் இதற்கு ஒரு பெயர் உண்டு என்று தெரிந்தது: இடப்பக்கப் புறக்கணிப்பு. வலது மூளையின் பரைட்டல் பகுதியையோ அதைச் சுற்றியுள்ள இணைப்புகளையோ பக்கவாதம் தாக்கும்போது கண் பார்த்தாலும் கவனம் இடதுபக்கம் போவதில்லை. அன்று வகுப்பில் எனக்கு அழுகை வந்தது. ஆச்சியைப் பிடிவாதக்காரி என்று நானும் சொல்லியிருக்கிறேன்.

நான் உளவியல் பட்டதாரி இல்லை. உயிரியலிலிருந்து என்ன கொண்டுவருகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். உடற்செயலியல், மரபியல், கருவியல் ஆகியவற்றை ஆய்வகத்தில் கைபடப் படித்திருக்கிறேன். கோழிக்கருவில் தட்டையான ஒரு நரம்புத் தகடு மடிந்து குழாயாக மூடுவதை நுண்ணோக்கியில் பார்த்த பிறகு, மூளை என்ற சொல்லை என்னால் வெறும் உவமையாகப் பயன்படுத்த முடிவதில்லை.

ஆனால் அதிகம் கற்றுக்கொடுத்தது மூன்றாம் ஆண்டு புராஜெக்ட். வரிமீன்களை டி வடிவத் தொட்டியில் விட்டு, உணவுள்ள பக்கத்தை நினைவில் வைத்திருக்கின்றனவா என்று பார்த்தேன். ஆறு வாரம் அழகான முடிவு வந்தது, மீன்கள் பெரும்பாலும் வலப்பக்கமே திரும்பின. அப்புறம் ஒரு மழைநாளில் ஜன்னலைச் சாத்தியதும் எல்லாம் குலைந்துபோயிற்று. மீன்கள் உணவை நினைவில் வைத்திருக்கவில்லை, வெளிச்சத்துக்கு ஏற்றபடி திரும்பியிருக்கின்றன. ஆறு வாரக் கணக்கையும் ஒதுக்கிவிட்டு, தொட்டியைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டி முதலிலிருந்து தொடங்கினேன். நான் அளப்பது நினைவைத்தானா, வேறு எதையாவதா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

அதே கேள்வியை மனிதர்களிடம் பார்த்தது மதுரையில் ஒரு முதியோர் பகல்நேரக் காப்பகத்தில். எட்டு மாதம் சனிக்கிழமைதோறும் தன்னார்வலராகப் போனேன். பேப்பர் படித்துக் காட்டுவது, தாயம் விளையாடுவது, கூட இருப்பது, அவ்வளவுதான். ஒருநாள் அங்கு வந்த உளவியலாளர் நினைவாற்றல் சோதனை எடுத்தபோது அருகிலிருந்து பார்க்க அனுமதித்தார். பள்ளிக்கூடமே போகாத ஒரு பாட்டியிடம் கனசதுரப் படத்தைப் பார்த்து வரையச் சொன்னார். பாட்டி பென்சிலைப் பிடிக்கவே தடுமாறினார், படம் வரவில்லை. அடுத்த வாரம் அதே பாட்டி வாசலில் ஏழு புள்ளிக் கோலத்தை ஒரு இழைகூட விடாமல் சுற்றி முடித்தார். கனசதுரமும் கோலமும் ஒன்றில்லை, எனக்குத் தெரியும். கோலம் பல வருடம் கையில் ஊறியது. ஆனாலும் அந்தத் தாளில் இழந்த மதிப்பெண் மூளைக்குரியதா, பென்சிலுக்குரியதா?

மொழியிலும் இதே சிக்கல். ஒரு நிமிடத்தில் குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லச் சொல்கிறோம். தமிழில் 'ப' என்று கேட்டால் 'பாட்டி'யைச் சேர்க்கலாமா? 'பிள்ளை'யை? உயிர்மெய் எழுத்துள்ள மொழியில் இதற்கு முன்கூட்டியே விதி வேண்டும். பேச்சுத் தமிழில் சொன்னால் ஏற்பதா என்பது அடுத்த கேள்வி. இந்தியச் சூழலுக்கென நிம்ஹான்ஸ் உருவாக்கிய சோதனைத் தொகுப்பு இருக்கிறது. அப்படிப்பட்ட அளவுகோல்களை எப்படி உருவாக்குகிறார்கள், எந்த வயதுக்கும் படிப்புக்கும் எந்த மதிப்பெண் இயல்பு என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதை முறையாகக் கற்க வேண்டும்.

என் குறைகளும் எனக்குத் தெரியும். உளவியல் அளவையியல் எனக்குப் புதிது. ஒரு வருடமாக அடிப்படைப் புள்ளியியலும் அசாதாரண உளவியலும் சொந்தமாகப் படித்து வருகிறேன், ஆனால் நோயாளியிடம் உட்கார்ந்து பேசும் பயிற்சி புத்தகத்தில் கிடைக்காது. மேற்பார்வையுடன் கூடிய மருத்துவமனைப் பயிற்சி உங்கள் படிப்பில் இருப்பதுதான் நான் இங்கு விண்ணப்பிக்க முதற்காரணம்.

படிப்பு முடிந்ததும் அரசு மருத்துவமனை ஒன்றில் பக்கவாத, தலைக்காய நோயாளிகளின் மறுவாழ்வுப் பிரிவில் வேலை செய்ய விரும்புகிறேன். அங்கு நோயாளியோடு வரும் மகளுக்கும் மருமகளுக்கும் அவர்கள் பேசும் தமிழில் நிதானமாகச் சொல்ல வேண்டியவை உண்டு: இது பிடிவாதம் இல்லை, இடதுபக்கம் நின்று பேசிக் கவனத்தை அங்கே இழுங்கள், சாப்பிடும்போது இலையின் இடது ஓரத்தைக் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இதைச் சொல்ல அன்று யாரும் வரவில்லை.