சொன்ன பேச்சை எதிர்க்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு: ஆறு வாரக் குழுப் பயிற்சி

முதல் வகுப்புக்கு வருமுன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். ஆறு சனிக்கிழமைகள், காலை 10 மணி முதல் 11.30 வரை சந்திக்கிறோம். குழுவில் எட்டுக் குடும்பங்கள், 4 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகள். முடிந்தால் தாய், தந்தை இருவரும் வாருங்கள். பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்வது தாத்தாவோ பாட்டியோ என்றால் அவர்களும் வரலாம். பிள்ளையை அழைத்து வர வேண்டாம்.

போன குழுவில் ஒரு தந்தை முதல் நாளே கேட்டார்: "அடம்பிடிப்பது அவன், பாடம் எங்களுக்கா?" நியாயமான கேள்விதான். உங்கள் வளர்ப்பு சரியில்லை என்று யாரும் தீர்ப்பு எழுதவில்லை. சில குழந்தைகள் பிறவியிலேயே சட்டென்று சூடாகும் சுபாவம் கொண்டவர்கள். மற்றப் பிள்ளைகளிடம் எடுபடும் வளர்ப்பு முறை இவர்களிடம் எடுபடுவதில்லை. ஆனால் ஒவ்வொரு சண்டையிலும் இரண்டு பேர் இருக்கிறார்கள். அதில் நம் கைக்கு எட்டுவது பெரியவரின் பங்கு மட்டுமே. அதை மாற்றினால் பிள்ளையின் பங்கு தானாகவே அசையத் தொடங்கும்.

உங்கள் பிள்ளைக்கு 'எதிர்ப்பு நடத்தைக் கோளாறு' என்று மதிப்பீட்டில் எழுதியிருக்கிறோம். எல்லாக் குழந்தையும்தான் அடம்பிடிக்கும். கோபம், வாக்குவாதம், வேண்டுமென்றே சீண்டுதல், தன் தவற்றை அடுத்தவர் மேல் போடுதல் போன்றவை குறைந்தது 6 மாதங்களாக நீடித்து, வீட்டையோ படிப்பையோ பாதிக்கும்போதுதான் இந்தப் பெயர். 5 வயதுக்கு உட்பட்டவர்களிடம் இவை பெரும்பாலான நாட்களில் தெரிய வேண்டும். அதற்கு மேற்பட்டவர்களிடம் வாரத்துக்கு ஒருமுறையாவது. அண்ணன் தங்கைச் சண்டை மட்டும் இந்தக் கணக்கில் சேராது. கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்தே இருக்கும் பிள்ளைகளுக்குத் தனிச் சிகிச்சையும் தொடரும். உங்களில் யாருக்காவது தூக்கமின்மை, மனச்சோர்வு இருந்தால் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள். களைத்துப்போன மனதோடு இந்தப் பயிற்சியை இழுத்துச் செல்வது கடினம்.

முதல் வாரம்: பார்ப்பதும் எழுதுவதும்

இந்த வாரம் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு நோட்டில் மூன்று பத்திகள் போடுங்கள்: முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பின்னால் என்ன கிடைத்தது. மூன்றாவது பத்தியில்தான் விஷயம் இருக்கிறது.

ஏழு வயதுப் பையன் டிவி பார்க்கிறான். அம்மா "அணைத்துவிடு" என்கிறார். பதில் இல்லை. மறுபடி, சற்று உரக்க. "மாட்டேன்." மூன்றாவது முறை அம்மா கத்துகிறார், அவன் ரிமோட்டைச் சுவரில் எறிகிறான். அம்மா சோர்ந்துபோய், "என்னவோ செய்" என்று சமையலறைக்குத் திரும்புகிறார். வீடு அமைதியாகிவிடுகிறது. இப்போது கணக்குப் பாருங்கள். எறிந்தால் டிவி நிலைக்கும் என்று பையன் கற்றான். விட்டுக்கொடுத்தால் கூச்சல் நிற்கும் என்று அம்மா கற்றார். இன்னொரு நாள் அம்மா அடிக்கிறார், அவன் அணைத்துவிடுகிறான். அடித்தால்தான் வேலை நடக்கும் என்பது அன்றைய பாடம். இருவரும் ஒருவருக்கொருவர் பயிற்சி கொடுத்துக்கொண்டே போகிறார்கள், சண்டை படிப்படியாக ஏறுகிறது. ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் குடும்பங்களை அவரவர் வீட்டிலேயே கவனித்து விளக்கிய சுழல் இது. உங்கள் நோட்டில் இதன் ஏதாவது ஒரு வடிவம் வரும். வெட்கப்பட வேண்டாம், எட்டு நோட்டிலும் வரும்.

இரண்டாம் வாரம்: பத்து நிமிட விளையாட்டு, பெயர் சொல்லிப் பாராட்டு

தினமும் 10 நிமிடம் பிள்ளை தேர்ந்தெடுக்கும் விளையாட்டு. கட்டளை, கேள்வி, திருத்தம் மூன்றும் கிடையாது. வண்ணப் பென்சிலை எடுத்தால் "நீல நிறம் எடுத்துவிட்டாய்" என்று வர்ணனையாளர் போலச் சொல்லுங்கள், போதும். "இது என்ன எழுத்து, சொல்லு" என்று நாக்கு நுனிவரை வரும், விழுங்கிவிடுங்கள். அன்று குறும்பு செய்தான் என்பதற்காக இந்த நேரத்தைப் பறிக்காதீர்கள்.

பாராட்டு உடனே வர வேண்டும், எதற்கு என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். "நல்ல பிள்ளை" என்பது காற்றில் போய்விடும். "கூப்பிட்டதும் வந்தாயே, பிடித்திருக்கிறது" என்பது தங்கும். "இன்றைக்காவது செய்தாயே" என்று வாலில் முள் வைத்தால் அது பாராட்டே அல்ல.

மூன்றாம் வாரம்: காணாததுபோல் இருப்பது

சிணுங்கல், முணுமுணுப்பு, காலை உதைத்து அழுவது, வாயாடல் ஆகியவற்றுக்கு மட்டும். அடிப்பது, பொருளை உடைப்பது, தெருவில் ஓடுவது ஆகியவற்றைக் காணாததுபோல் இருக்கக் கூடாது.

முகத்தைத் திருப்புங்கள், பேசாதீர்கள், கண்ணைப் பார்க்காதீர்கள். பெருமூச்சும் ஒரு பதில்தான், அதுவும் வேண்டாம். சிணுங்கல் நின்ற அந்த நொடியிலேயே திரும்பி இயல்பாகப் பேசுங்கள். பாதியை மட்டும் செய்துவிட்டு, பிறகும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

முக்கியமான எச்சரிக்கை: முதலில் நிலைமை மோசமாகும். இதுவரை பத்து நிமிட அழுகைக்குக் கிடைத்தது இன்று கிடைக்கவில்லை என்றால் பிள்ளை இருபது நிமிடம் அழுது பார்க்கும். பதினெட்டாவது நிமிடத்தில் நீங்கள் இறங்கி வந்தால், பதினெட்டு நிமிடம் அழ வேண்டும் என்று கற்றுக்கொடுத்ததாகிவிடும். கடைசிவரை நிற்க முடியாத நாளில் தொடங்கவே வேண்டாம். வீட்டிலுள்ள பெரியவர்கள் அனைவரும் முன்கூட்டியே ஒப்புக்கொள்வதும் அவசியம். ஒருவர் காணாததுபோல் இருக்க, இன்னொருவர் ஓடிவந்து தூக்கினால் ஒரு வாரம் வீண்.

நான்காம் வாரம்: கட்டளையும் புள்ளி அட்டவணையும்

அருகில் போய், பெயர் சொல்லி, ஒரே ஒரு வேலையை, குறைந்த சொற்களில் சொல்லுங்கள். "காலணியை அலமாரியில் வை." பிறகு ஐந்து வினாடி வாயைத் திறக்காதீர்கள். "வைக்கிறாயா?" என்று கேட்டால் "மாட்டேன்" என்பதும் சரியான பதிலாகிவிடும். செய்யவைக்க முடியாததைச் சொல்லவே சொல்லாதீர்கள்.

புள்ளி அட்டவணையில் இரண்டு அல்லது மூன்று செயல்கள் போதும். சிறு பிள்ளைகளுக்குப் பரிசு அன்றன்றே கிடைக்க வேண்டும்: கூடுதலாக ஒரு கதை, இரவு விளையாட்டைத் தேர்வு செய்யும் உரிமை. ஈட்டிய புள்ளியை எந்தக் கோபத்திலும் திரும்பப் பிடுங்காதீர்கள்.

ஐந்தாம் வாரம்: டைம் அவுட்

பலரும் முதல் வாரமே கேட்பது இதைத்தான். இவ்வளவு தள்ளி வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. உங்களோடு இருப்பது இனிமையாக இருந்தால்தான் விலகி உட்கார்வது உறைக்கும்.

அடித்தல், உடைத்தல், எச்சரித்த பிறகும் கட்டளையை மீறுதல் ஆகியவற்றுக்கு மட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை, பிறகு சலிப்பூட்டும் ஓர் இடத்தில் நாற்காலி. நான்கைந்து நிமிடம் போதும். நேரத்தை நீட்டினால் பலன் கூடுவதில்லை. இருட்டறை, பூட்டிய கதவு, பயமுறுத்தல் எதுவும் கூடாது. முடிந்ததும் அறிவுரை வேண்டாம். கட்டளையை மீறியதற்காக உட்கார்ந்திருந்தால் அதே கட்டளையை மீண்டும் சொல்லுங்கள், செய்ததும் பாராட்டுங்கள். உங்களுக்கே கை நடுங்கும் அளவு கோபம் வந்தால், பிள்ளைக்கு ஆபத்தில்லை என்று பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். வகுப்பில் இதை இருவர் இருவராக நடித்துப் பழகுவோம். பிள்ளையாக நடிக்கப் போட்டி இருக்கும், பெற்றோராக நடிக்க ஆள் கிடைக்காது.

ஆறாம் வாரம்: வீட்டுக்கு வெளியே

கடை, பஸ், விருந்து: உள்ளே நுழையும் முன்பே விதியையும் பரிசையும் சொல்லிவிடுங்கள். ஆசிரியர் தினமும் இரண்டு நடத்தைகளுக்கு மட்டும் குறியிட்டு அனுப்பும் சிறு அட்டையை வீட்டுப் புள்ளிகளோடு இணைப்பது எப்படி என்றும் பார்ப்போம்.

பரீட்சை, காய்ச்சல், வீடு மாறுதல் வந்தால் பழைய அடம் தலைகாட்டும். அப்போது மூன்று பத்தி நோட்டையும் பத்து நிமிட விளையாட்டையும் மறுபடி எடுங்கள். மூன்று மாதம் கழித்து ஒருமுறை கூடுவோம். தேதியை ஆறாம் வாரத்தில் எல்லோருமாகக் குறிப்போம். முதல் வகுப்புக்கு நோட்டும் பேனாவும் கொண்டு வாருங்கள்.